நாகூர், வேளாங்கண்ணி ஒப்பீட்டுக் கட்டுரையை நம்பிக்கை, வழக்கம், வரலாறு என்று பிரித்துச் சுருக்குவது எப்படி?

மாயூரம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறேன். சமய ஒப்பாய்வுத் தாளுக்கு 14 பக்கக் கட்டுரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கும் நாகூர் தர்காவையும் தெற்கே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலையும் ஒப்பிட்டுப் பேசும் கட்டுரை. அதை நம்பிக்கைகள், வழக்கங்கள், வரலாற்று வளர்ச்சி என்ற மூன்று தலைப்புகளில் இரண்டு பக்கமாகச் சுருக்க வேண்டும். விவரிப்பு எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று தனியாகக் குறிப்பும் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று, புறா விஷயம். தஞ்சை நாயக்க மன்னருக்கு யாரோ சூனியம் வைத்தார்கள், நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது ஊசி குத்திய ஒரு புறாவைக் கண்டெடுத்து ஊசிகளைப் பிடுங்க மன்னர் குணமானார், அதற்காக நிலம் கொடுத்தார் என்று கட்டுரையில் வருகிறது. இன்றும் தர்காவில் நேர்ச்சையாகப் புறா விடுகிறார்கள். இது நம்பிக்கையா, வழக்கமா, வரலாறா? மூன்றிலும் போடலாம் போலத்தான் இருக்கிறது.

இரண்டாவது, கட்டுரையின் தொனி. புறா நிகழ்ச்சியை நடந்தது என்றே எழுதுகிறார். புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரை சேர்ந்ததை மட்டும் "ஒரு கதை உண்டு" என்று எழுதுகிறார். சுருக்கும்போது அப்படியே விட்டுவிடலாமா, நான் சரிசெய்யலாமா?

திருவாரூர் ஆழித்தேர்

தங்கச்சி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நம் டெல்டாவில் எல்லா மதமும் ஒன்றுதான். என் அம்மா நாகூருக்கும் போவார், வேளாங்கண்ணிக்கும் போவார், வீட்டில் தியாகராஜருக்கு விளக்கும் ஏற்றுவார். மத நல்லிணக்கத்துக்கு இந்த இரண்டு ஊரும் சாட்சி என்று எழுதி முடித்தால் யாருக்கும் மனவருத்தம் வராது. நடுநிலை என்றால் அதுதானே.

கரந்தை ஆசிரியர்

ஆழித்தேர் தம்பி சொல்வது நல்ல மனதோடு சொன்னது. ஆனால் இந்தப் பெண் கேட்டது வேறு. "எல்லாம் ஒன்றுதான்" என்பதும் ஒரு கருத்து. அதை ஏற்காத முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேறுபாட்டை அழித்துவிட்டு எழுதினால் அவர்களுக்கு நியாயம் செய்ததாக ஆகாது. நல்லிணக்கம் என்று கட்டுரை வாதிட்டால், கட்டுரையாளரின் வாதம் என்று அவர் பெயரிலேயே எழுத வேண்டும்.

இனி புறா. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியதில் எனக்குப் பழகிய வழியைச் சொல்கிறேன். ஒரு சம்பவத்தை முழுசாக ஒரு பெட்டியில் தூக்கிப் போடப் பார்ப்பதுதான் சிக்கலுக்குக் காரணம். அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள். மன்னர் குணமானது ஆண்டவரின் கராமத்தால், அதாவது அவருடைய அற்புதத்தால் என்பது நம்பிக்கைக்குப் போகும். இன்று புறா விடுகிறார்கள் என்பது கண்ணால் பார்க்கக்கூடியது, அது வழக்கம். அந்த நிகழ்ச்சி எப்போது, யாரால் எழுதிவைக்கப்பட்டது என்பதுதான் வரலாறு. சாகுல் ஹமீது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய அற்புதங்களை விரிவாகச் சொல்லும் நூல்களில் பலருக்கும் தெரிந்தது குலாம் காதிறு நாவலரின் கன்ஜுல் கறாமாத்து. அது அச்சானது 1902இல். நடுவில் சுமார் மூன்று நூற்றாண்டு இடைவெளி. அந்த இடைவெளியைச் சொல்வதால் நிகழ்ச்சி பொய்யென்று ஆகிவிடாது, மெய்யென்றும் ஆகிவிடாது. படிப்பவருக்கு எது எந்தக் காலத்துச் சான்று என்று தெரியும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று பாருங்கள். தர்காவின் மினார்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் ஆண்டது 1739 முதல் 1763 வரை. இது நேராக வரலாற்றுப் பெட்டிக்குள் போகிறது. மன்னர் ஏன் கட்டினார், வேண்டுதல் பலித்ததாலா என்ற பகுதி மட்டும் மறுபடி நம்பிக்கைக்கு வந்துவிடும்.

வடவாற்றங்கரை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்பிக்கை என்ற தலைப்பில் மூலநூலில் உள்ளதை மட்டும் போட்டால் சர்ச்சையே இருக்காது. இஸ்லாமுக்குக் குர்ஆன், கிறிஸ்தவத்துக்கு பைபிள். மற்றதெல்லாம் மக்கள் வழக்கம். அப்புறம், நாகூரின் ஐந்து மினாரையும் தஞ்சை மன்னர்தான் கட்டினார் என்று படித்த நினைவு.

கரந்தை ஆசிரியர்

பிரதாப் சிங் கட்டியது அந்தப் பெரிய மினாரை மட்டும். மற்ற நான்கையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூலநூல் பற்றிச் சொன்னதில் பாதி சரி. மூலநூலைத் தொடாமல் நம்பிக்கையை எழுத முடியாது. ஆனால் அதோடு நிறுத்தினால் வேளாங்கண்ணியின் நம்பிக்கை என்று எழுத ஒன்றுமே மிஞ்சாது. பால் கொண்டுபோன இடையர் சிறுவனுக்குக் காட்சி, மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், கரை சேர்ந்த கப்பல் என்று அங்கே சொல்லப்படும் மூன்றுமே பைபிளில் இல்லை. அங்கே போகிறவர்களின் நம்பிக்கை அவற்றைச் சுற்றித்தான் இருக்கிறது. மூலநூலில் உள்ளது மதம், மற்றது மக்கள் வழக்கம் என்று நீங்கள் பிரித்த உடனேயே ஒரு தரப்பின் வாதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அந்த மதங்களுக்கு உள்ளேயே நடக்கும் விவாதம் அதுதான்.

நாகூர் கந்தூரி

அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியர் சொன்னதை நான் வழிமொழிகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாக தர்காவுக்குப் போகிற குடும்பம். நாங்கள் நாகூர் ஆண்டவரை வணங்குவதில்லை. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும். அவனுடைய நேசரின் அடக்கத்தலத்துக்கு ஸியாரத் செய்கிறோம், பாத்திஹா ஓதுகிறோம், அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறோம். இதை வஸீலா என்போம். "நாகூரில் முஸ்லிம்கள் ஒரு புனிதரை வழிபடுகிறார்கள்" என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மாணவி தங்கை அந்த வரியை எழுதினால் எங்கள் நம்பிக்கையை எங்களை எதிர்ப்பவர்களின் வாயால் எழுதியதாகிவிடும். தயவுசெய்து கவனியுங்கள்.

தோப்புத்துறை

வ அலைக்கும் ஸலாம் காக்கா. மரியாதையோடு மாற்றுக் கருத்து சொல்கிறேன். நான் தர்காவுக்குப் போவதில்லை. இறந்தவரிடமோ அவர் பொருட்டாலோ கேட்பது தவ்ஹீது என்ற ஓரிறைக் கொள்கைக்கு முரண், இறைவனுக்கு இணை வைக்கும் ஷிர்க்கில் கொண்டுபோய் விடும் என்பது என் கொள்கை. தமிழ்நாட்டில் 1980கள் முதல் இதைப் பலமாகச் சொல்லிவருகிறோம். மாணவி அக்கா "இஸ்லாமில் தர்கா வழக்கம் உண்டு" என்று பொதுவாக எழுதிவிட்டால் என்னைப் போன்றவர்கள் முஸ்லிம் கணக்கிலேயே வர மாட்டோம்.

நாகூர் கந்தூரி

தம்பி, அதை நான் மறுக்கவில்லை. உங்கள் கொள்கையை உங்கள் பெயரில் எழுதட்டும். எங்கள் கொள்கையை எங்கள் பெயரில் எழுதட்டும். நாட்டார் இஸ்லாம், கலப்பு இஸ்லாம் என்று எங்களுக்குப் பட்டம் கட்டாமல் இருந்தால் போதும். எங்களுக்கும் மார்க்கம் கற்ற ஆலிம்கள் இருக்கிறார்கள், எங்களுக்கும் ஆதாரம் இருக்கிறது.

மாயூரம் மாணவி

இது எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. ஆனால் சிக்கல் கூடிவிட்டது. கட்டுரையில் தர்காவை ஏற்காத முஸ்லிம்களைப் பற்றி ஒரே ஒரு அடிக்குறிப்புதான் வருகிறது. இரண்டு பக்கச் சுருக்கத்தில் அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? சமமாகக் கொடுத்தால் கட்டுரையை மாற்றியது போல ஆகாதா?

கரந்தை ஆசிரியர்

நல்ல கேள்வி. சுருக்கம் எழுதுபவருக்கு இரண்டு கடமை. கட்டுரைக்கு உண்மையாக இருக்க வேண்டும், விவரிக்கப்படும் மக்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது இடத்தின் அளவைக் கட்டுரையிலிருந்து எடுங்கள், வாக்கியத்தின் அமைப்பை நியாயத்திலிருந்து எடுங்கள்.

அதாவது, கட்டுரை தர்காவுக்குப் போகிறவர்களைப் பற்றியது. அவர்களுக்குத்தான் அதிக இடம். எதிர்க்கருத்துக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் தோப்புத்துறை தம்பி தன்னை அடையாளம் காண முடிய வேண்டும். "சில கடும்போக்காளர்கள் எதிர்க்கிறார்கள்" என்று எழுதினால் முடியாது. "இறைவனிடம் நேரடியாக மட்டுமே கேட்க வேண்டும் என்று கருதும் முஸ்லிம்கள் இந்த வழக்கத்தைத் தவிர்க்கிறார்கள்" என்று எழுதினால் முடியும். காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரு தரப்பின் காரணத்தைச் சொல்லி, மறு தரப்பின் எதிர்ப்பை மட்டும் சொன்னால் மறு தரப்பு வீம்புக்கு நிற்பது போலத் தெரியும். மாணவர்கள் தாள்களில் நான் அதிகம் பார்த்த சாய்வு இதுதான். எழுதியவருக்கே தெரியாமல் நடக்கும்.

கட்டுரையின் தொனிக்கு வருகிறேன். நீங்கள் திருத்த வேண்டாம், ஆனால் அந்தச் சாய்வைச் சுமக்கவும் வேண்டாம். புறா நிகழ்ச்சியையும் கப்பல் நிகழ்ச்சியையும் ஒரே அமைப்பில் எழுதுங்கள். "தர்கா மரபு இவ்வாறு சொல்கிறது", "ஆலய மரபு இவ்வாறு சொல்கிறது." கட்டுரையாளர் ஒன்றை நிகழ்ச்சியாகவும் மற்றதைக் கதையாகவும் நடத்துகிறார் என்பது முக்கியமாகப் பட்டால் சுருக்கத்துக்கு வெளியே, கீழே ஒரு குறிப்பாகச் சொல்லுங்கள்.

வடவாற்றங்கரை

இதை நான் ஏற்கவில்லை ஐயா. சுருக்கம் என்றால் ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி தருவது. அவர் "கதை" என்றால் நாமும் "கதை" என்றுதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய சாய்வை நாம் மூடி மறைத்தவர்களாவோம். படிப்பவர் அவரை நடுநிலையாளர் என்று நினைத்துக்கொள்வார்.

கரந்தை ஆசிரியர்

அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் குறிப்பைக் கட்டாயமாகப் போடச் சொல்லலாமா என்று எனக்கும் தோன்றுகிறது. தாளைத் திருத்துபவர் எந்த ஆய்வு மரபைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து இது மாறும்.

பூண்டி மறைக்கல்வி

நான் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். வேளாங்கண்ணி பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன் தங்கச்சி. ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கு நாங்கள் செலுத்துவது வணக்கம், அவரிடம் கேட்பது பரிந்துரை. இது இன்று நேற்றுச் சொன்னதல்ல. 787இல் நடந்த திருச்சபையின் இரண்டாம் நிசேயா சங்கத்திலேயே திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கத்தையும் கடவுளுக்குச் செய்யும் ஆராதனையையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். நாகூர் அண்ணன் சொன்னதைப் படித்தபோது எங்களுடையதும் இதே போலத்தானே என்று தோன்றியது.

தரங்கை லுத்தரன்

அக்கா, "கிறிஸ்தவர்கள் மாதாவிடம் பரிந்துரை கேட்கிறார்கள்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் என்று மாணவிக்குச் சொல்லுங்கள். நாங்களும் இதே கடற்கரைதான். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அன்று தொடங்கிய லுத்தரன் சபையில் மாதாவை மதிக்கிறோம், அவரிடம் வேண்டுவதில்லை. கத்தோலிக்கர் என்று எழுதினால் எந்தப் பிரச்சனையும் இல்லை.

மாயூரம் மாணவி

கட்டுரை பல இடத்தில் "கிறிஸ்தவர்கள்" என்றே எழுதுகிறது. அதைக் கத்தோலிக்கர் என்று மாற்றினால் தவறில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் பேச்சு முழுக்க வேளாங்கண்ணி பற்றியது.

இன்னொரு யோசனை. பூண்டி அக்கா சொன்ன பரிந்துரையையும் நாகூர் அண்ணன் சொன்ன வஸீலாவையும் ஒரே வரியில், "இரு மரபிலும் புனிதர் வழியாக இறைவனிடம் வேண்டும் நம்பிக்கை உண்டு" என்று எழுதினால் இடம் மிச்சமாகும்தானே?

கரந்தை ஆசிரியர்

அந்த வரி பொய்யில்லை. ஆனால் நம்பிக்கைப் பெட்டியில் அது மட்டும் நின்றால் பெரிய வேறுபாடு ஒன்று காணாமல் போகும். கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சங்கம், திருத்தந்தை, ஆயர் என்று தீர்மானம் சொல்லும் அமைப்பு இருக்கிறது. ஆகவே "திருச்சபை இவ்வாறு கற்பிக்கிறது" என்று எழுத முடியும், ஆண்டு போட்டுச் சொல்லவும் முடியும். சுன்னி முஸ்லிம்களுக்கு அப்படி ஒரே தலைமை கிடையாது. "இஸ்லாம் இவ்வாறு கற்பிக்கிறது" என்று நீங்கள் எழுதினால் எந்த ஆலிம்கள், எந்த ஜமாஅத் என்ற கேள்வி வரும். இங்கே நாகூரும் தோப்புத்துறையும் பேசிக்கொண்டதே அதற்கு உதாரணம்.

ஒப்பீட்டில் இது நுட்பமான இடம். இரண்டு பத்தியையும் ஒரே அச்சில் வார்த்தால்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் "அதிகாரபூர்வ நிலைப்பாடு" என்று ஒரு வரிசை போட்டாலே ஒரு மதத்தின் அமைப்பை மற்றதன் மேல் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் அந்த வரிசையில் நாகூருக்கு எழுத ஏதாவது தேட வேண்டிவரும், கிடைத்த ஒருவரின் கருத்தை எல்லோருடையதாகவும் எழுதிவிடுவோம். மரியாதையும் சான்றுக்கான அளவும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். உள்தலைப்புகள் அவரவர் மரபுக்கு ஏற்றபடி வேறாக இருக்கலாம்.

வழக்கங்களில் இதன் மறுபக்கம். இரண்டு ஊரிலும் முடி இறக்குகிறார்கள். இரண்டு ஊரிலும் கை, கால், கண் என்று உலோகத் தகட்டில் செய்த உருவங்களைக் காணிக்கை போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல். செயலை வழக்கத்தில் ஒரே மாதிரி எழுதுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பொருளை நம்பிக்கையில் தனித்தனியாக எழுதுங்கள். செயல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நீங்களே முடிவு கட்டக்கூடாது.

திருவாரூர் ஆழித்தேர்

சரி, நான் முதலில் கேள்வியைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம். எனக்கு மூன்று வயதில் முடி இறக்கியது வேளாங்கண்ணியில்தான். நாங்கள் இந்துக்கள். அம்மா அங்கே போவது அவருடைய வழிபாட்டின் பகுதி, விருந்தாளியாகப் போகவில்லை. இந்த மூன்று பெட்டியில் அம்மா எங்கே வருவார்? வேளாங்கண்ணி என்றால் கத்தோலிக்க வரிசை என்கிறீர்கள். நாகூர் என்றால் முஸ்லிம் வரிசை. வருகிறவர்களில் பெரிய கூட்டம் எந்த வரிசையிலும் இல்லையே.

கரந்தை ஆசிரியர்

தம்பி, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான்.

மதத்தை வரிசையாக வைத்துப் போடும் அட்டவணை, ஒருவர் ஒரு மதத்துக்குள்தான் இருப்பார் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. இடத்தை வரிசையாக வைத்தால், அதாவது "இஸ்லாம்", "கிறிஸ்தவம்" என்பதற்குப் பதில் "நாகூர்", "வேளாங்கண்ணி" என்று வைத்தால், உங்கள் அம்மா வழக்கங்களில் வந்துவிடுவார். நம்பிக்கையில் மட்டும் "இங்கு வரும் இந்துக்கள்" என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அவர்கள் மாதாவை எப்படிக் கருதுகிறார்கள் என்பதற்குத் திருச்சபையின் விளக்கம் பதில் ஆகாது.

பூண்டி மறைக்கல்வி

இங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது சார். எல்லோரும் வரலாம், மாதா எல்லோருக்கும் தாய், அதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் வேளாங்கண்ணியின் நம்பிக்கை என்ற தலைப்பில் மாதாவைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்ற வரியும் வந்தால், படிப்பவர் அதைத்தான் கத்தோலிக்க நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வார். எத்தனையோ முறை வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்திருக்கிறது.

கரந்தை ஆசிரியர்

உங்கள் தயக்கம் நியாயமானது அம்மா. யார் நம்புகிறார்கள் என்று ஒவ்வொரு வரியிலும் எழுவாயைப் போட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். முழுக்கத் தீரும் என்று சொல்ல மாட்டேன்.

மாயூரம் மாணவி

கட்டுரையை இன்று உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகக் குறித்தேன். நம்பிக்கைக்கு ஒரு நிறப் பென்சில், வழக்கத்துக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று. குறித்து முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. நாகூர்ப் பகுதி பெரும்பாலும் நம்பிக்கை நிறத்தில் இருக்கிறது. வேளாங்கண்ணிப் பகுதி பெரும்பாலும் வரலாற்று நிறத்தில் இருக்கிறது. அப்படியே சுருக்கினால் ஒன்று அற்புதக் கதைகளின் ஊராகவும் மற்றது ஆவணங்களின் ஊராகவும் தெரியும். அதனால் நாகூரின் வரலாறு கட்டுரையில் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று தேடிச் சேர்த்தேன்.

கீழே என் வரைவு. தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

*நம்பிக்கைகள்.* நாகூருக்கு வரும் முஸ்லிம்கள் சாகுல் ஹமீதை இறைநேசராகக் கருதுகிறார்கள். வணக்கம் அல்லாஹ்வுக்கே என்றும் அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்பதாகவும் சொல்கிறார்கள். தஞ்சை மன்னரின் நோயை அவர் தீர்த்ததாக தர்கா மரபு சொல்கிறது. இறைவனிடம் நேரடியாக மட்டுமே கேட்க வேண்டும் என்று கருதும் முஸ்லிம்கள் தர்கா வழக்கங்களைத் தவிர்க்கிறார்கள். வேளாங்கண்ணியில் மாதா சிறுவர்களுக்குக் காட்சி தந்ததாகவும் போர்ச்சுகீசிய மாலுமிகளைக் காத்ததாகவும் ஆலய மரபு சொல்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும் உரியது, மாதாவிடம் கேட்பது பரிந்துரை என்று கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கிறது. இரண்டு இடங்களுக்கும் வரும் இந்துக்களில் பலர் இவற்றைத் தங்கள் வழிபாட்டின் பகுதியாகவே கொள்கிறார்கள்.

*வழக்கங்கள்.* இரண்டு இடங்களிலும் முடி இறக்குவதும் உடலுறுப்பு உருவங்களைக் காணிக்கை இடுவதும் உண்டு. நாகூரில் பாத்திஹா ஓதுதல், புறா விடுதல், டிசம்பரில் நடக்கும் கந்தூரி விழாவில் சந்தனம் பூசுதல். வேளாங்கண்ணியில் திருப்பலி, தேர்ப்பவனி, மணற்பாதையில் முழங்காலிட்டு நடத்தல். ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் திருவிழா நிறைவு.

*வரலாற்று வளர்ச்சி.* நாகூர் தர்கா 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாகுல் ஹமீதின் அடக்கத்தலம். பெரிய மினார் பிரதாப் சிங் காலத்தது. கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் 1828 முதல் 1830க்குள் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். வேளாங்கண்ணி 1771இல் தனிப் பங்கானது, 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

நாகூர் கந்தூரி

மாஷா அல்லாஹ், நம்பிக்கைப் பத்தியில் எனக்குக் குறையில்லை தங்கை. ஒன்றே ஒன்று திருத்துங்கள். கந்தூரியை டிசம்பர் என்று போடாதீர்கள். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை கண்டு கொடியேறும், 14 நாள் நடக்கும். பிறைக் கணக்கு என்பதால் ஆங்கில மாதக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். கட்டுரையாளர் வந்த வருடம் டிசம்பரில் நடந்திருக்கும்.

தோப்புத்துறை

என்னைப் பற்றிய வரி சரியாக இருக்கிறது அக்கா. ஆனால் வரலாற்றுப் பத்தி 1830இல் நின்றுவிட்டது. எங்கள் கருத்து நம்பிக்கையில் மட்டும் வருகிறது. அது எப்போது பலமானது என்பதும் வரலாறுதானே? கட்டுரையின் அடிக்குறிப்பில் ஆண்டு ஏதாவது இருந்தால் சேருங்கள்.

கரந்தை ஆசிரியர்

தோப்புத்துறை தம்பி சொன்னது முக்கியம். வரலாறு என்றால் தோற்றம் என்று எழுதி நிறுத்துவது வழக்கமாக நடக்கிற குறை. வேளாங்கண்ணியை 1962 வரை கொண்டுவந்துவிட்டு நாகூரை 1830இல் விட்டால், ஒன்று வளர்ந்துகொண்டிருப்பது போலவும் மற்றது அப்படியே நின்றுவிட்டது போலவும் தெரியும். கட்டுரையில் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் "கட்டுரை நாகூரின் 20ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசவில்லை" என்று குறிப்பில் ஒரு வரி போடுங்கள். நீங்களாக ஒன்றைத் தேடி நிரப்ப வேண்டாம். அது சுருக்கத்தில் சேராது.

இன்னொன்று. வேளாங்கண்ணியின் வரலாறு 1771இல் தொடங்குகிறது, ஆனால் மரபில் போர்ச்சுகீசியர் வருகிறார்கள். படிப்பவர் குழம்புவார். போர்ச்சுகீசியர் நாகப்பட்டினத்தில் வணிகம் செய்ததும், 1658இல் டச்சுக்காரர் அதைப் பிடித்ததும் கட்டுரையில் நிச்சயம் வரும். அதை ஒரு வரியில் முன்னால் வையுங்கள். மாலுமிகள் நிகழ்ச்சி நடந்ததற்கு அது சான்று ஆகாது. அந்த மரபு எந்தச் சூழலைச் சுட்டுகிறது என்பதை மட்டும் காட்டும்.

பூண்டி மறைக்கல்வி

எனக்கும் பத்தி பிடித்திருக்கிறது. இந்துக்களைப் பற்றிய வரி கடைசியில் தனியாக நிற்பதால் குழப்பம் வராது. மாதாவின் பிறப்புப் பெருவிழா செப்டம்பர் 8. கப்பல் கரை சேர்ந்ததும் அதே நாள் என்று ஆலய மரபு சொல்கிறது. இடம் இருந்தால் அதைச் சேருங்கள். நம்பிக்கைக்கும் திருவிழா நாளுக்கும் என்ன தொடர்பு என்று புரியும்.

திருவாரூர் ஆழித்தேர்

"தங்கள் வழிபாட்டின் பகுதியாகவே கொள்கிறார்கள்." இந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அது சரி, ஆனால் நான் மாதாவைச் சாமி என்றுதானே சொல்வேன், அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்கிறார். பூண்டி அக்காவுக்கு வருத்தம் வரக்கூடாது என்பதற்காக அம்மா சொல்வதை மழுப்பியது போல எனக்குப் படுகிறது.

வடவாற்றங்கரை

பாருங்கள், நான் சொன்னது இதுதான். ஒரு தரப்புக்கு நியாயம் செய்யப் போனால் இன்னொரு தரப்பு விட்டுப்போகிறது.

கரந்தை ஆசிரியர்

அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரு மதத்தைப் பற்றி எழுதியதை அந்த மதத்தார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சமய ஆய்வாளர் வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1959இல் ஓர் அளவுகோல் வைத்தார். எனக்குப் பிடித்த அளவுகோல்தான். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தரப்பு நின்றால் யாருடைய ஒப்புதல் என்ற கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்வதில்லை. நான் எழுதினால் "மாதாவைத் தெய்வமாகவே கருதுகிறார்கள்" என்று எழுதி, எழுவாயை "அங்கு வரும் இந்துக்களில் பலர்" என்று தெளிவாக வைப்பேன். மாணவி வேறு மாதிரி முடிவெடுத்தாலும் குற்றம் சொல்ல மாட்டேன்.

மாயூரம் மாணவி

எல்லோருக்கும் நன்றி. கந்தூரி மாதத்தைத் திருத்திவிட்டேன். 1658 வரியை முன்னால் வைத்தேன். செப்டம்பர் 8 பற்றிக் கட்டுரையிலும் இருக்கிறது, சேர்த்துவிட்டேன். அடிக்குறிப்பில் ஆண்டு எதுவும் இல்லை, அதனால் ஆசிரியர் சொன்னபடி கட்டுரை எங்கே நிற்கிறது என்பதைக் குறிப்பில் எழுதுகிறேன். "கதை", "நிகழ்ச்சி" வேறுபாடும் அதே குறிப்பில் போகிறது.

ஆழித்தேர் அண்ணனின் அம்மா சொன்ன வரியை இன்னும் மாற்றவில்லை. கட்டுரையாளர் பேட்டி கண்ட இந்துப் பயணிகள் என்ன சொன்னார்கள் என்று 9ஆம் பக்கத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அதை மறுபடி படித்துவிட்டு, அவர்கள் "சாமி" என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதப் போகிறேன். வெள்ளிக்கிழமை தாள் கொடுக்க வேண்டும், அதற்குள் வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.